டேங்கிராம்: ஏழு துண்டு, நான்கே நீளம்

சில வருடங்களாக வீட்டில் ஒரு மர டேங்கிராம் செட் இருக்கிறது. ஏழு துண்டுகளையும் சேர்த்து, புத்தகத்தில் நிழலாகக் காட்டியிருக்கும் உருவத்தைக் கொண்டுவர வேண்டிய புதிர் அது. ஏழு துண்டுகளையும் சேர்த்து அடுக்கினால் 10 செ.மீ. சதுரம் வரும் அளவு. தினமும் இல்லையென்றாலும் அடிக்கடி எடுத்து உட்கார்ந்துவிடுவேன். இப்போதெல்லாம் நிழலுருவத்தைப் பார்த்ததும் துண்டை எடுப்பதில்லை, முதலில் ஸ்கேலைத்தான் எடுக்கிறேன்.

ஏழு துண்டுகளிலும் இருக்கும் ஓரங்கள் மொத்தம் நான்கே நீளம்தான். என் செட்டில் அவை ஏறக்குறைய 3.5, 5, 7, 10 செ.மீ. இதில் 3.5, 7 இரண்டும் ஒரு வகை, 5, 10 இரண்டும் இன்னொரு வகை. முதல் வகையை √2 ஆல் பெருக்கினால் இரண்டாவது வகை வரும், அதனால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒருபோதும் சரியாக ஈடாகாது. பெரிய முக்கோணங்கள் இரண்டு, கர்ணம் 10, மற்ற இரண்டு பக்கங்கள் 7. நடுத்தர முக்கோணத்துக்குக் கர்ணம் 7, பக்கங்கள் 5. சின்ன முக்கோணங்களும் இரண்டு, கர்ணம் 5, பக்கங்கள் 3.5. சதுரத்துக்கு எல்லாப் பக்கமும் 3.5, இணைகரத்துக்கு 3.5உம் 5உம். கோணம் என்று பார்த்தால் 45, 90, 135 தவிர வேறு கிடையாது.

ஒரு உருவத்தை எடுத்துக்கொண்டால் இது எவ்வளவு உதவும் என்பது தெரியும். அகலத்தைப் போல இரு மடங்கு நீளமுள்ள செவ்வகம். புத்தகத்தில் எவ்வளவு சின்னதாக அச்சடித்திருந்தாலும் கவலையில்லை, ஏழு துண்டும் சேர்ந்தால் பரப்பு 100 சதுர செ.மீ. தான், ஆகவே உண்மையான அளவு சுமார் 7க்கு 14 (துல்லியமாக 7.07க்கு 14.14). 7, 14 இரண்டும் முதல் வகை. அப்படியென்றால் இந்தச் செவ்வகத்தின் வெளி ஓரத்தில் 5, 10 நீளமுள்ள பக்கம் எதுவுமே படக்கூடாது. நீளவாட்டில் 10ஐயும் 3.5ஐயும் வைத்தால் கிட்டத்தட்ட நிறைந்ததுபோல் இருக்கும், ஆனால் 6 மி.மீ. இடைவெளி விழும். அந்த "கிட்டத்தட்ட"வில்தான் நிறைய பேர் அரைமணி நேரம் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு மெல்லிய சந்து தெரிந்தால் துண்டுகளை நெருக்கித் தள்ளிப் பார்ப்பதில் பயனில்லை, வகை கலந்துவிட்டது என்று அர்த்தம், கலைத்துவிடுங்கள்.

சரி, பெரிய முக்கோணங்களின் கர்ணம் உள்ளேதான் போக வேண்டும். இரண்டையும் கர்ணத்தோடு கர்ணம் ஒட்டினால் 7க்கு 7 சதுரம், செவ்வகத்தின் இடது பாதி முடிந்தது. வலது பாதியும் 7க்கு 7, அதற்கு மிச்சமுள்ள ஐந்து துண்டுகள். நடுத்தர முக்கோணத்தில் வெளி ஓரத்தில் படத் தகுந்த பக்கம் அதன் கர்ணம் ஒன்றுதான், எனவே அதை வலது ஓரம் முழுக்க வையுங்கள். அதன் செங்கோண முனை இந்தப் பாதியின் நட்டநடுவில் வந்து நிற்கும். கீழே இடது மூலையில் சதுரம். சதுரத்துக்கும் நடுத்தர முக்கோணத்துக்கும் இடையில் கீழே ஒரு சின்ன முக்கோணம் கச்சிதமாக உட்காரும். மேலே மிஞ்சும் இடத்தில், சதுரத்தின் தலைமேல் இணைகரத்தை வலது பக்கம் சாய்ந்தபடி வைத்தால், இடது மேல் மூலையில் கடைசிச் சின்ன முக்கோணம். நடுப்புள்ளியைப் பாருங்கள்: 90, 90, 45, 135, கூட்டினால் 360. இணைகரம் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் புரட்டிப் போடுங்கள். ஏழில் புரட்டினால் வடிவம் மாறுவது அது ஒன்றுதான்.

இந்தச் செவ்வகம் போல எங்கும் உள்வாங்காத உருவங்கள் மொத்தமே 13தான் என்று 1942இல் வாங், சியுங் என்ற இரண்டு பேர் நிரூபித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் பூனை, வாத்து எல்லாவற்றையும்விட இந்தப் பதின்மூன்றும்தான் கடினம், ஏனென்றால் வெளியே நீட்டிக்கொண்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும் துண்டு எதுவுமே இருக்காது.

ஓடும் மனிதன் மாதிரி உருவங்களில் இந்த வகைக் கணக்கு பாதிதான் கைகொடுக்கும். தலை ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டு கோணலாக நிற்கும், அந்த இடத்தில் 45இன் மடங்கைத் தேடாதீர்கள். சாய்ந்த பகுதியைத் தனியாகப் பிரித்து, அதற்குள் ஓரம் அளந்து முடித்துவிட்டு, உடலைப் புதிதாகத் தொடங்க வேண்டும். ஒரு துண்டின் ஓரம் இன்னொன்றின் ஓரத்தில் பாதியில் நின்றுவிட்டாலும் இதே சிக்கல், அங்கே வெளியில் தெரியும் நீளம் நான்கில் எதுவாகவும் இல்லாமல் போகலாம்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒன்று பாருங்கள். இரண்டு சின்ன முக்கோணங்களைச் சேர்த்துச் சதுரத்தின் மேலும், நடுத்தர முக்கோணத்தின் மேலும், இணைகரத்தின் மேலும் வைத்தால் மூன்றிலும் ஓரம் பிதுங்கக்கூடாது. நான் முன்பு வாங்கிய மலிவான ஃபோம் செட் ஒன்றில் துண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகு. நாலு துண்டு சேர்ந்ததும் அந்தப் பிசகு 6 மி.மீ. இடைவெளியையே மறைத்துவிடும், தப்பான விடைகூடச் சரியாகப் பொருந்தியதுபோலத் தெரியும்.