ஒரே குறிப்பு, நாலு தலைப்பு: வெள்ளை ஈயை யார் எப்படித் தேடுவார்கள்?

பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னை வைத்திருக்கும் சிலர் சேர்ந்து, தோப்புக்கு உதவும் குறிப்புகளை ஒரு பொதுக் கோப்புறையில் சேர்த்து வருகிறோம். பாதிக்கு மேல் துண்டறிக்கைகளைச் செல்போனில் படம் பிடித்துப் போட்டவை. படத்துக்குள் இருக்கும் எழுத்து எங்கள் தேடலுக்குத் தெரியாது. மேலே வைக்கிற தலைப்பும், அதற்குக் கீழே எழுதுகிற ஒரு வரியும் மட்டும்தான் அதன் கண்ணில் படும். அந்த இரண்டையும் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

சுருள் வெள்ளை ஈ பற்றிய குறிப்பையே எடுத்துக்கொள்வோம். 2016-ல் இந்தப் பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது பொள்ளாச்சிப் பக்கம்தான் என்பதால் இங்கே அதைத் தெரியாதவர் குறைவு. ஓலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அது கழிக்கும் தேன் போன்ற பிசுக்கு கீழ் ஓலைகளில் சொட்டும். அதன்மேல் கரும்பூஞ்சை படர்ந்து, ஓலை கரி பூசினாற்போல ஆகிவிடும். குறிப்பில் இருக்கும் வைத்தியம்: விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி, என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி, கரியை உரித்தெடுக்க லிட்டருக்கு 25 கிராம் மைதா கலந்த பசை. இதற்கு நாலு தலைப்புகள் போட்டியில் இருந்தன.

ஒன்று: "தென்னை – முக்கியக் குறிப்பு"

முதலில் இருந்தது இதுதான். அதிகம் பேச வேண்டியதில்லை. எங்கள் கோப்புறையில் எல்லாமே தென்னை, போட்டவருக்கு எல்லாமே முக்கியம். போன் திரையில் தலைப்பின் முன்பாதிதான் தெரியும். வரிசையாக "தென்னை... தென்னை..." என்று நின்றால் எதைத் தொடுவது?

இரண்டு: "தென்னையைத் தாக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ: ஒருங்கிணைந்த மேலாண்மை முறைகள்"

துண்டறிக்கையிலேயே அச்சாகியிருந்த தலைப்பு. பிழை ஒன்றும் இல்லை. பூச்சியின் முழுப்பெயர் இருக்கிறது. வேளாண் அலுவலர் ஒருவர் தேடினால் உடனே கிடைக்கும். ஆனால் பூச்சியின் பெயர் தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி. தோப்பில் நிற்கும் ஆளுக்குத் தெரிவது கருத்துப்போன ஓலை மட்டும்தான். "ஒருங்கிணைந்த மேலாண்மை" என்று போனில் தட்டுகிற விவசாயியை நான் இன்னும் பார்க்கவில்லை.

மூன்று: "ஓலை ஏன் கருப்பாகிறது?"

எங்கள் குழுவில் இளவட்டங்கள் இதற்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். பார்த்ததும் தொடத் தோன்றும், உண்மைதான். ஆனால் தொடத் தோன்றுவது வேறு, தேடிக் கிடைப்பது வேறு. "வெள்ளை ஈ" என்று தேடுகிறவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது. பதிலையும் உள்ளே ஒளித்து வைக்கிறது.

நான்கு: "வெள்ளை ஈ: தென்னை ஓலை கருப்பு, மைதா பசை"

நான் ஒத்துக்கொண்டது இது. எழுதுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்தேன். கருத்த ஓலையின் படத்தை மூன்று பேரிடம் காட்டி, "இதைப் பத்தித் தேடணும்னா என்னன்னு போடுவீங்க?" என்று கேட்டேன். பக்கத்துத் தோப்பு மாமா, "ஓலை கருப்புன்னு போடுவனுங்க" என்றார். இன்னொருவர் "வெள்ளை ஈ" என்றார். மூன்றாமவர் சொன்னதுதான் எனக்குப் பாடம்: "அந்த மைதா மாவு அடிக்கறது இருக்குதுங்களே, அது." அவர் இந்தக் குறிப்பை முன்பே ஒருமுறை படித்தவர். பூச்சியின் பெயர் மறந்துவிட்டது. தோப்புக்கு மைதா அடிப்பதா என்ற வியப்பு மட்டும் மனதில் தங்கியிருந்தது.

ஆக, தேடுகிறவர்கள் இரண்டு வகை. முதல்முறை வருகிறவர் கண்ணால் கண்ட அறிகுறியைத் தட்டுவார். திரும்ப வருகிறவர் நினைவில் நின்ற வினோதமான ஒரு சொல்லைத் தட்டுவார். நான்காவது தலைப்பில் இரண்டு பேருக்கும் வழி இருக்கிறது. மற்றக் குறிப்புகளிலிருந்து இதைப் பிரிக்கும் "வெள்ளை ஈ" முன்னால் நிற்கிறது. "தென்னை" நடுவில் போனாலும் இருக்கத்தான் வேண்டும்: குறிப்பு வாட்ஸ்அப்பில் வெளியே போனால், கொய்யா வைத்திருப்பவர் தன் மரத்துக்கு என்று நினைத்துக்கொள்வார், அங்கேயும் இந்த ஈ வரும்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே உண்டு. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் வேற்றுமை உருபைப் புரிந்துகொள்வதில்லை. "ஓலையில்" என்று எழுதினாலும் "ஓலை" என்ற தேடலுக்குச் சிக்கும், ஏனென்றால் சொல் அப்படியே உள்ளே இருக்கிறது. "மரத்தில்" என்று எழுதினால் "மரம்" என்று தேடுபவருக்குச் சிக்காது. ம் போய் த்து வந்துவிட்டது. தோட்டம், காடு எல்லாம் இதே கதை. அதனால்தான் நான்காவது தலைப்பு வாக்கியமாக இல்லாமல் மொட்டைச் சொற்களாக நிற்கிறது. படிக்க அழகில்லை என்று ஒரு பெரியவர் குறைபட்டார். சரி, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஒரு வரி

இதிலும் இரண்டு போட்டி. முதலாவது: "இந்த ஆவணம் தென்னையில் வெள்ளை ஈ தாக்குதல் பற்றியும் அதைக் கட்டுப்படுத்தும் வழிகள் பற்றியும் விளக்குகிறது." தலைப்பில் சொன்னதையே இழுத்துச் சொல்கிறது. "ஆவணம்", "பற்றியும்", "விளக்குகிறது" ஆகிய சொற்களை யாரும் தேடப் போவதில்லை.

இரண்டாவது: "ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, கறுப்பு ஓலை, கரும்பூஞ்சை: மஞ்சள் ஒட்டுப்பொறி, என்கார்சியா, மைதா லிட்டருக்கு 25 கிராம், பூச்சிமருந்து ஏன் வேண்டாம்."

இரண்டாவதன் வேலை, தலைப்பில் இடம் கிடைக்காத சொற்களைத் தாங்குவது. அலுவலருக்கான முழுப்பெயர் இங்கே வந்துவிட்டது. தலைப்பில் "கருப்பு", வரியில் "கறுப்பு" என்று இருப்பது எழுத்துப்பிழை இல்லை. இரண்டு விதமாகவும் எழுதுகிறோம், இரண்டு விதமாகவும் தேடுவார்கள்.

கடைசித் துண்டைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. தேடலுக்கு "வேண்டாம்" என்பது புரியாது. பூச்சிமருந்து என்று தட்டுகிற எல்லோர் முன்னாலும் இந்தக் குறிப்பு வந்து நிற்கும். யோசித்துவிட்டு வைத்துக்கொண்டேன். மருந்தடித்தால் ஈயைத் தின்னும் ஒட்டுண்ணியும் சேர்ந்து செத்துவிடும். மருந்து தேடி வருகிறவர்தான் முதலில் இதைப் பார்க்க வேண்டியவர்.

ஆனால் இதே ஆசையில் "பூச்சி, நோய், உரம், மகசூல், விலை" என்று கைக்கு வந்ததை எல்லாம் அந்த வரியில் அடைத்தால் கெட்டது. ஒருமுறை அப்படிச் செய்தேன். தேங்காய் விலை தேடியவருக்கு வெள்ளை ஈ வந்தது. போன் போட்டுத் திட்டினார். இப்போது ஒரு சொல்லைச் சேர்க்கும் முன், அதைத் தேடி வருகிறவருக்கு உள்ளே பதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். விலை என்ற சொல்லை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.