கிலோ விலைக்கு லிட்டர் அளந்த செக்குக் கடை: கேனைக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் கவனிக்கவும்

பாளையங்கோட்டையில் ஒரே செக்குக் கடையில் பதினோரு வருஷமாக நல்லெண்ணெய் வாங்குகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அடையாளம் கேட்டுத் தனியாகச் செய்தி அனுப்பவும் வேண்டாம். அங்கே எனக்கு நடந்தது வேறு எந்தப் பழகிய கடையிலும் நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

கடையைப் பெரிய அண்ணாச்சி பார்த்த காலத்தில் ஒரு முறை உண்டு. காலிக் கேனைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குவார். அப்புறம் தகர டின்னிலிருந்து மெதுவாகச் சாய்த்து ஊற்றுவார். ஐந்து கிலோ என்று காட்டியதும் நிறுத்திவிட்டு, "ஒரு சொட்டு கூடத்தான் டீச்சர்" என்று சிரிப்பார். போன வருஷம் அவருக்கு முட்டுவலி வந்து வீட்டோடு இருந்துவிட்டார். கடை மகன் கைக்கு வந்தது. தம்பி நல்ல பையன்தான், கொஞ்சம் அவசரக்காரன். தராசை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு லிட்டர் குவளையால் ஐந்து தடவை அளந்து ஊற்ற ஆரம்பித்தான். பில்லில் "ந.எண்ணெய் 5" என்று மட்டும் எழுதினான். ஐந்து என்ன, கிலோவா லிட்டரா என்று நான் கேட்கவில்லை. பதினோரு வருஷப் பழக்கம் வாயை அடைத்துவிட்டது.

பேத்திக்கு உளுந்தங்களி கிண்டிய அன்றைக்குத்தான் முதல் சந்தேகம் வந்தது. கேனின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மண்டி. செக்கில் ஆட்டிய எண்ணெயை நாலைந்து நாள் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு மேலாக எடுக்க வேண்டும். தெளியாமல் விற்றால் கசடுக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். எண்ணெயும் சீக்கிரம் காறிப்போகும். களியில் கருப்பட்டி வாசத்தைத் தாண்டி அந்தக் காறல் அடித்தது.

அடுத்த நாள் சாயங்காலம் கடைக்குப் போய் நான் செய்தது சுத்தத் தப்பு. சனிக்கிழமை, ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். "உங்க அப்பா இருந்தா இப்படிக் கொடுப்பாரா தம்பி?" என்று ஆரம்பித்தேன். மண்டி, காறல், போன பொங்கலுக்குக் கேன் ஒழுகியது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவன் முகம் கறுத்துவிட்டது. "எல்லாரும் இதத்தான் வாங்குதாங்க டீச்சர். புடிக்கலன்னா வேற கடை பாத்துக்கோங்க" என்றான். நான் பேசியது எண்ணெயைப் பற்றி. அவன் காதில் விழுந்தது, அப்பனுக்கு நீ ஈடில்லை என்பது. அதுவும் நாலு பேர் முன்னால். என் கையில் ஆதாரம் என்று ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு அந்த மாதப் பற்றில் அறுநூறு ரூபாய் பாக்கி வேறு நின்றது. பாக்கியை வைத்துக்கொண்டு குறை சொன்னால், கொடுக்காமல் இழுக்கத்தான் இந்தப் பேச்சு என்று எந்தக் கடைக்காரருக்கும் தோன்றும்.

மறுநாளே ஆள் விட்டுப் பாக்கியைத் தீர்த்தேன். இரண்டு மாதம் கழித்து எண்ணெய் தீர்ந்ததும், மறுபடி அங்கேயே ஐந்து வாங்கினேன். வீட்டில் பத்துக் கிலோ வரைக்கும் காட்டும் சமையல் தராசு இருக்கிறது. காலிக் கேனைப் போகும்போதே நிறுத்து வைத்திருந்தேன், 230 கிராம். எண்ணெயோடு 4 கிலோ 820 கிராம். கழித்தால் 4 கிலோ 590. கிட்டத்தட்ட 410 கிராம் குறைகிறது.

உடனே திருட்டு என்று முடிவு கட்டியிருப்பேன். அலமாரியில் கிடந்த பாக்கெட் எண்ணெய்தான் காப்பாற்றியது. அதன் உறையில் 1 லிட்டர் என்பதோடு 910 கிராம் என்றும் அச்சடித்திருந்தது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. நல்லெண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 920 கிராம்தான் நிற்கும். ஐந்து லிட்டருக்கு 4 கிலோ 600. ஆகத் தம்பியின் குவளையில் குறை இல்லை, அவன் ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறான். லிட்டரில் விற்பதும் தப்பில்லை. ஆனால் கடைச் சுவரில் அவன் அப்பா காலத்துப் பலகை அப்படியே தொங்குகிறது: நல்லெண்ணெய் 1 கிலோ 400 ரூபாய். கிலோ விலையை வாங்கிக்கொண்டு லிட்டர் கொடுத்தால் ஒரு கேனுக்கு 164 ரூபாய் நமக்கு நஷ்டம். என் முறையீடு அந்தப் பலகையை மட்டும் பிடித்து நின்றால் போதும் என்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி, ஆள் இல்லாத நேரம். அதற்கு முன்னால் காலையிலேயே அவன் கைபேசிக்கு இதை அனுப்பியிருந்தேன்:

"தம்பி, அன்னைக்கு ஆட்கள் முன்னால் சத்தமாகப் பேசியது என் தப்பு. விஷயம் ரெண்டுதான். பலகையில் கிலோ 400 என்று இருக்கிறது, வெள்ளிக்கிழமை வாங்கியது நிறுத்தால் 4 கிலோ 590 இருக்கிறது. அடியில் மண்டியும் நிற்கிறது. குறைந்த 410 கிராமைத் தெளிந்த எண்ணெயாகக் கொடுத்துவிடுங்கள். இனிமேல் தராசில் நிறுத்து, பில்லில் கிலோ என்று எழுதிக் கொடுங்கள். மதியம் கேனோடு வருகிறேன், உங்கள் தராசிலேயே பார்ப்போம்."

முந்தைய மாதங்களில் குறைந்ததையும் சேர்த்துக் கேள் என்று வீட்டில் சொன்னார்கள். நான் நிறுத்துப் பார்த்தது ஒரு கேன்தான். பார்க்காததைக் கணக்கில் சேர்த்தால் பேச்சு அங்கேயே சறுக்கும். புகார் கொடுப்பேன் என்றும் எழுதவில்லை. எடையளவு முறைகேட்டைத் தொழிலாளர் துறையில் சொல்லலாம், நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, எல்லாம் தெரியும். அதை முதல் பேச்சிலேயே எடுத்தால் அப்புறம் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. மாட்டேன் என்று அவன் சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

கேனை அவன் தராசில் வைத்தேன். அதிலும் 4 கிலோ 820. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "எல்லாக் கடையிலயும் லிட்டர்தான டீச்சர்?"

"கொடுங்க தம்பி, நான் வேண்டாம்னு சொல்லல. அப்ப பலகையிலயும் லிட்டர்னு எழுதணும். கிலோன்னு எழுதினா கிலோ வேணும்."

"குவளையில ஊத்துனா சீக்கிரம் முடியும்னு நெனச்சேன். இத யோசிக்கல." நிஜமாகவே யோசிக்கவில்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஒரு பாட்டிலில் தெளிந்த எண்ணெயை 410 கிராம் நிறுத்துக் கொடுத்தான். மண்டி விஷயத்தில் மட்டும் மழுப்பினான். "எள்ளு அப்படி" என்றான். எள்ளு அப்படியில்லை, பொறுமை அப்படி. "சரி, அடுத்த தடவை தெளிஞ்ச டின் எதுன்னு காட்டுங்க, அதுலயே ஊத்துங்க. இல்லைன்னா ரெண்டு நாள் கழிச்சு வாரேன்" என்றேன். அதற்குத் தலையாட்டினான்.

போன வாரம் போனபோது பலகை மாறியிருந்தது. 1 லிட்டர் 390 ரூபாய். விலை குறைந்த மாதிரி இருக்கும். கணக்குப் போட்டால் கிலோ 424 ரூபாய் விழுகிறது, பழையதைவிட 24 கூடுதல். இதில் ஒளிவுமறைவு இல்லாததால் சண்டை போட ஒன்றுமில்லை. ஐந்துக்குப் பதில் இரண்டு லிட்டர் வாங்கினேன். கடலை எண்ணெயை வேறு செக்கில் பார்த்துக்கொள்கிறேன். தம்பி கேட்காமலே ஓரத்து டின்னைக் கையால் தட்டிக் காட்டி, "இது ஆறு நாளாச்சு டீச்சர்" என்றான். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கேனை நீட்டினேன்.