வோம் வைட், கூல் வைட்: ஒரே படத்திலா, தனித்தனிப் படத்திலா?

புறக்கோட்டைக் கடையில் 3000K வோம் வைட், 6500K கூல் வைட் மின்குமிழ்களை அருகருகே எரியவிட்டால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். அதே குமிழ்களை இணைய விற்பனைக்குத் தனித்தனியாகப் போனில் எடுத்தால், பெரும்பாலும் இரண்டும் ஒரே வெள்ளைதான்.

காரணம் ஒட்டோ வைட் பலன்ஸ். சட்டகத்தில் ஒரு குமிழ் மட்டும் இருந்தால், அதன் நிறத்தையே கமரா வெள்ளை என்று எடுத்துக்கொண்டு மஞ்சளையும் நீலத்தையும் கழித்துவிடும். தனிப்படம் எடுப்பது சுலபம், பின்னணியும் சுத்தமாக இருக்கும். ஆனால் காட்ட வேண்டிய வித்தியாசமே போய்விட்டால் அந்தச் சுத்தத்தால் என்ன பயன்?

அதனால் இரண்டையும் ஒரே படத்தில் எடுப்பதே மேல். கமரா எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மறையாது. வைட் பலன்ஸை 4100K-இல் பூட்டிவிடுங்கள். அது இரண்டுக்கும் ஏறக்குறைய நடு. ஒன்று இளமஞ்சளாகவும் மற்றது இளநீலமாகவும் விழும். இரண்டும் ஒரே வாட்டாக இருக்கட்டும். நடுவில் கறுப்பு அட்டை வைக்காவிட்டால் பின்சுவரில் இரு நிறமும் கலந்து சாம்பலாகும். தனிப்படம்தான் வேண்டுமென்றால், இரண்டுக்கும் இதே 4100K-ஐ மாற்றாமல் வையுங்கள்.

அதிகம் சிரமப்படுத்துவது மேல்மூடியின் பால்நிறத் தோற்றம். 9 வாட் குமிழின் மூடி அறையைவிடப் பல மடங்கு பிரகாசமானது. மூடி வெளுத்துப் போகாதிருக்க போன் ஷட்டரை 1/10000 வரைகூடக் குறைக்க வேண்டியிருக்கும். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், மலிவான டிரைவர் உள்ள குமிழ் விநாடிக்கு 100 முறை துடிக்கும். அவ்வளவு வேகமான ஷட்டரில் அது படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகளாக விழும். ஷட்டரை 1/100-இல் நிறுத்தினால் ஒரு முழுத் துடிப்பு உள்ளடங்கி, பட்டை மறையும். மிஞ்சும் வெளிச்சத்தை f/16, ISO 100, ஒரு ND4 பில்டர் ஆகியவற்றால் குறைக்கலாம். துவாரத்தை மாற்ற முடியாத போனுக்கு ஏறக்குறைய ND100 அளவு வேண்டும்.

வெளிச்சம் சரியா என்று பார்க்க மொத்த ஹிஸ்டோகிராம் போதாது. வோம் வைட்டில் சிவப்புச் சானல்தான் முதலில் நிரம்பும். அப்போது மூடியின் நடுப்பகுதி வெளிறிய மஞ்சள் திட்டாகத் தெரியும். பால்நிற மங்கலும் ஓரம் நோக்கி ஒளி குறைவதும் காணாமற்போகும்.

சோலர் லாந்தருக்கு இதை அப்படியே சொல்ல முடியாது. பற்றரியில் எரிவதால் மின்கம்பித் துடிப்பு அதற்கு இல்லை. ஆனால் பல லாந்தர்கள் வெளிச்சத்தைக் குறைக்க எல்.ஈ.டி.யை வேகமாக அணைத்து ஏற்றும், அந்த வேகம் மாதிரிக்கு மாதிரி வேறு. எனவே 1/100-இல் ஒரு சோதனைப் படம் எடுத்து, பட்டை விழுந்தால் முழு வெளிச்ச நிலைக்கு மாற்றிப் பாருங்கள். பற்றரி இறங்க வெளிச்சமும் குறையக்கூடும். படம் எடுக்கும் முன் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள்.