எஃப்எக்ஸ்-ரீடெயில் தளத்தில் டாலர் விற்றுவரும் அனுபவம்: வங்கி சொல்லும் விலைக்குள் இருப்பவை

திருப்பூரில் நடுத்தர அளவிலான ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் நிதிப் பிரிவில் பணியாற்றுகிறேன். வாங்குநர்கள் அனுப்பும் டாலரை ரூபாயாக மாற்றுவது என் பொறுப்பு. தொடக்கத்தில் வங்கிக்குத் தொலைபேசியில் பேசி விலை எடுப்பதே வழக்கமாக இருந்தது. இப்போது சில ஆண்டுகளாகப் பெரும்பாலும் எஃப்எக்ஸ்-ரீடெயில் தளத்தில்தான் விற்கிறோம். வங்கி வாடிக்கையாளர்கள் தாங்களே ஆர்டர் போட்டு டாலர் வாங்கி விற்கும் இந்தத் தளம் ரிசர்வ் வங்கியின் முன்னெடுப்பில் 2019 ஆகஸ்டில் தொடங்கியது; இந்திய கிளியரிங் கார்ப்பரேஷன் எனப்படும் சிசிஐஎல்லின் துணை நிறுவனம் இதை நடத்துகிறது. இதன் பயனை மதிப்பிட வேண்டுமானால், வங்கியின் டீலர் நமக்குச் சொல்லும் விலை எப்படி உருவாகிறது என்பதை முதலில் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

வங்கிகளுக்கு இடையிலான சந்தையில் டீலர்கள் வாங்கும் விலை, விற்கும் விலை என இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். டாலர்-ரூபாய் விலை கால் பைசா படிகளில் நகர்கிறது. வழக்கமான வர்த்தக நேரத்தில், வங்கிகள் பயன்படுத்தும் மேட்சிங் திரைகளில் இரண்டு விலைகளுக்கும் இடையே அரைப் பைசாவோ அதற்கும் குறைவாகவோதான் இடைவெளி இருக்கும். அந்த விலை 'ஸ்பாட்' விலை, அதாவது இரண்டு வேலை நாள் கழித்துப் பணமும் டாலரும் கைமாறுவதற்கான விலை. ஏற்றுமதியாளருக்கு வந்த டாலரோ ஏற்கெனவே வங்கியின் வெளிநாட்டுக் கணக்கில் சேர்ந்துவிட்டது; நமக்கு ரூபாய் இன்றே வேண்டும். ஆகவே நாம் விற்பது 'கேஷ்' டாலர். வங்கி நம்மிடம் கேஷ் வாங்கி, சந்தையில் ஸ்பாட் விற்று, நடுவிலுள்ள நாட்களை, இன்று டாலரை விற்று ஸ்பாட் தேதியில் திரும்ப வாங்கும் கேஷ்-ஸ்பாட் ஸ்வாப் ஒன்றின் மூலம் சரிக்கட்டுகிறது. அந்த ஸ்வாப்பின் செலவு நமது விலையிலிருந்து கழிக்கப்படுவது நியாயமே. அதற்கு மேல் கழிக்கப்படுவது வங்கியின் மார்ஜின். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும்போதுதான் வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியாமல் போகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் டாலர் வந்திருக்கிறது, ஸ்பாட் 84.1000 / 84.1050 என்று வைத்துக்கொள்வோம். வங்கி சந்தையில் 84.1000-க்கு விற்க முடியும். பிந்தைய தேதியில் கைமாறும் டாலருக்கான கூடுதல் விலை, அதாவது முன்பேர பிரீமியம், ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால், அதை 365-ஆல் வகுக்க ஒரு நாளுக்கு ஏறக்குறைய 0.46 பைசா, இரண்டு நாளுக்கு ஒரு பைசா என முழுமைப்படுத்தலாம். அப்படியானால் நமக்குரிய கேஷ் விலை 84.0900. வங்கி சொன்ன விலை 84.0200 என்றால் மார்ஜின் ஏழு பைசா, அதாவது ரூ. 7,000. "சந்தையிலிருந்து எட்டு பைசாதான் குறைவு, அதிலும் பெரும்பகுதி கேஷ்-ஸ்பாட்" என்று தொலைபேசியில் சொல்லப்பட்டால், அதைச் சரிபார்க்க இந்த ஒரு வகுத்தல் போதும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. செவ்வாய்க்கிழமை கேஷுக்கும் ஸ்பாட்டுக்கும் இடையே இரண்டு நாள். வியாழக்கிழமை என்றால் ஸ்பாட் தேதி திங்களுக்குப் போய்விடுவதால் நான்கு நாள், வெள்ளிக்கும் அப்படியே. எனவே விடுமுறை குறுக்கிடாத வாரத்தில் வியாழன், வெள்ளிக் கழிவு செவ்வாயைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருக்க வேண்டும். எங்களுடன் பழகிய ஒரு வங்கி வாரம் முழுவதும் ஒரே தொகையைக் 'கேஷ்-ஸ்பாட்' என்ற பெயரில் கழித்து வந்தது. உண்மையான ஸ்வாப் விலை அங்கே நமக்குக் கைமாறவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு ஸ்பாட், கேஷ்-ஸ்பாட், மார்ஜின் ஆகிய மூன்றையும் தனித்தனியாக, நேரத்துடன், மின்னஞ்சலில் எழுதித் தரும்படி கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். நேரம் மிக முக்கியம். சில நிமிடங்களில் சந்தை ஐந்து பைசா நகரும் நாட்களில், நேரம் இல்லாத ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை. நிதிச் சந்தை அளவுகோல் விலைகளைக் கணக்கிடும் எஃப்பிஐஎல் நிறுவனம் வெளியிடும் ரெஃபரன்ஸ் ரேட்டை வைத்து நமது விலையைச் சரிபார்ப்பதும் இதனால்தான் பொருந்தாது. அது காலை 11.30 முதல் 12.30 வரையிலான நேரத்துக்குள் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படும் 15 நிமிட வர்த்தகத்தின் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது.

பல வங்கிகளிடம் ஒரே நேரத்தில் விலை கேட்டு, வாங்கப் போகிறோமா விற்கப் போகிறோமா என்பதைச் சொல்லாமல் இரு பக்க விலையும் கேட்டால் மார்ஜின் குறையும் என்பது பொதுவான அறிவுரை. பெரிய நிறுவனங்கள் எஃப்எக்ஸ்ஆல், 360டி போன்ற தளங்களில் இதைத்தான் செய்கின்றன. முன்பேர ஒப்பந்தங்களுக்கு இது எங்களுக்கும் ஓரளவு உதவியது. ஆனால் கேஷ் டாலருக்கு இது செல்லாது. ஏற்றுமதி பில்லும் டாலரும் ஒரே வங்கியில் இருக்கின்றன. அந்த வங்கிக்கு நாம் விற்கத்தான் போகிறோம் என்பதும், வேறெங்கும் போக எளிதில் வழியில்லை என்பதும் அதன் டீலருக்குத் தெரியும். என் பார்வையில் சிறு ஏற்றுமதியாளர்களின் மார்ஜின் பெரிதாக இருப்பதற்கு அளவு மட்டும் காரணமல்ல. இந்தக் கட்டுண்ட நிலையும் காரணம்.

எஃப்எக்ஸ்-ரீடெயில் மாற்றியது சரியாக இந்த இடத்தைத்தான். பணம் தருவதும் டாலரை எடுத்துக்கொள்வதும் நமது வங்கியேதான்; விலை மட்டும், யாரென்று தெரியாத பல வங்கிகளும் வாடிக்கையாளர்களும் போடும் ஆர்டர்களிலிருந்து வருகிறது. வங்கி முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நிர்வாகக் கட்டணத்தை மட்டும் தனியாக வசூலிக்கலாம். கேஷ், அடுத்த வேலை நாளுக்கான டாம், ஸ்பாட் ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்டர் வரிசை உண்டு. மேலே சொன்ன அதே வேளையில் கேஷ் வரிசையில் வாங்கும் விலை 84.0875 என்றும், கட்டணம் டாலருக்கு ஒரு பைசாவுக்குச் சமம் என்றும் கொண்டால், கையில் கிடைப்பது 84.0775. தொலைபேசி விலையை விட 5.75 பைசா கூடுதல்; ஒரு லட்சம் டாலருக்கு ரூ. 5,750. எங்கள் தொழிலின் லாப விகிதத்தை அறிந்தவர்களுக்கு இது சிறிய தொகையாகத் தெரியாது.

குறைகளும் இருக்கின்றன. கேஷ் வரிசையில் எப்போதும் ஆழம் இருப்பதில்லை. சந்தை திறந்த உடனேயும், அன்றைய கேஷ் விற்பனையை வங்கி ஏற்கும் கடைசி நேரமான கட்ஆஃப் நெருங்கும்போதும் ஆர்டர்கள் குறைந்து, முதல் விலைக்கும் இரண்டாவது விலைக்கும் இடையே பல பைசா வந்துவிடும். அப்போது கிடைக்கும் விலைக்கு விற்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் முதல் பகுதி நல்ல விலைக்கும் மீதி மோசமான விலைக்கும் போகும். நாங்கள் ஸ்பாட்டையும் அன்றைய கேஷ்-ஸ்பாட் நாட்களையும் வைத்து விலையைக் கணக்கிட்டு, அதற்கு அரைப் பைசா கீழே, அந்த விலைக்கும் குறைவாக விற்காத லிமிட் ஆர்டர்தான் போடுகிறோம். பகுதி மட்டும் நிறைவேறினால் மீதியைக் காத்திருந்து விற்கிறோம். கட்ஆஃபுக்கு அரைமணி நேரம் முன்பும் மீதி இருந்தால் ஆர்டரை ரத்துசெய்துவிட்டு வங்கியிடம் விலை கேட்கிறோம். தளத்தின் விலை நம் திரையில் இருக்கும்போது கேட்பதால், அந்தப் பேச்சிலும் மார்ஜின் இப்போது இரண்டு மூன்று பைசாவைத் தாண்டுவதில்லை.

பதிவின்போதே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தளத்தில் நமக்கான வரம்பை வங்கிதான் நிர்ணயிக்கிறது. அது நமது வழக்கமான ரசீதை விடக் குறைவாக இருந்தால் பெரிய தொகை வரும் நாளில் தளம் பயன்படாது. கட்டணத்தை டாலருக்கு இத்தனை பைசா என்று எழுதித் தருகிறார்களா, ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் இத்தனை ரூபாய் என்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். ஐயாயிரம் டாலர் விற்பவருக்கு ஒப்பந்தத்துக்கு ரூ. 500 என்பதே டாலருக்குப் பத்து பைசா ஆகிவிடும். அவர் நான்கு ரசீதுகளைச் சேர்த்து ஒரே ஆர்டராகப் போட முடியுமானால் அது இரண்டரைப் பைசாவாகக் குறையும்.