26 வாரம் கட்டியும் பாதிக் கடன் தீரலையா? குழு லோன் புத்தகம், ஒரு வருட அனுபவம்

காசிமேட்டு அக்கா ஒருவர் கேட்டார்: "40,000 வாங்கி 52 வாரத்துல 26 கட்டியாச்சு. பாதி தீர்ந்திருக்கணும்ல? புத்தகத்துல 22,542 பாக்கின்னு இருக்கே?"

புத்தகத்தில் எனக்கு ஆகாத ஒரே இடம் அந்த 'பாக்கி' கட்டம்தான். மற்றபடி குறை சொல்ல மாட்டேன். முதல் பக்கத்தில் வட்டி, கட்டணம், தவணை எல்லாம் தமிழிலேயே இருக்கிறது. கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் ஒப்புகை தர வேண்டும் என்பது 2022 ரிசர்வ் வங்கி விதி. அதன்படி வாராவாரம் கையெழுத்தும் விழுகிறது.

இவர் தவணை 867, வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், குறையும் அசலுக்கு. ஒரு வார வட்டி பார்க்க, மீதி அசலை 24-ஆல் பெருக்கி 5,200-ஆல் வகுத்தால் போதும். முதல் வாரம் 185 வட்டி, 682 அசல். அடுத்த வாரம் 39,318-க்கு வட்டி 181. ஆரம்பத்தில் வட்டி அதிகம், அசல் கம்மி. அதனால்தான் 26 வாரம் முடிந்தும் அசல் 20,000-க்கு இறங்காமல் சுமார் 21,195-ல் நிற்கிறது. இதில் ஏமாற்று இல்லை. ஆனால் 22,542 என்பது 867-ஐ 26-ஆல் பெருக்கியது. இனி வரப்போகும் வட்டியும் அதில் இருக்கிறது. இன்றே லோனை முடிப்பவர் அதைக் கட்ட வேண்டியதில்லை. அசலும் அன்றுவரை வட்டியும் போதும், முன்கூட்டி முடிக்க அபராதமும் கிடையாது. அசல், வட்டி என்று இரண்டு கட்டம் போட்டிருந்தால் இந்தக் குழப்பமே வராது. காகிதமா குறைந்துபோச்சு!

இன்னொன்று. இதே கடனுக்குத் தவணை 954 என்று எழுதியிருந்தால், அது முழுத் தொகைக்கும் வருடம் முழுக்கப் போட்ட வட்டி. குறையும் அசல் என்று வாயால் சொன்னதை நம்ப வேண்டாம்.

கைக்கு வந்தது 38,888. செயலாக்கக் கட்டணம் 400, அதற்கு ஜிஎஸ்டி 72, இன்சூரன்ஸ் 640. வட்டி ஓடுவது என்னவோ முழு 40,000-க்கு. 640 யாருக்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் வீட்டுக்காரருக்கும் சேர்த்துப் பிடித்திருப்பார்கள். சான்றிதழை வாங்கி, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பழைய லோனை முடித்துப் புதிதாக எடுத்தால் பிரீமியமும் மறுபடி பிடிப்பார்கள்.

கையெழுத்து இருப்பதால் மட்டும் பணம் கணக்கில் ஏறியதாக ஆகாது. பொங்கல் வாரம் கூட்டம் தள்ளிப்போய் இரண்டு தவணை சேர்த்துக் கட்டும்போதுதான் தேதி பிசகும். புத்தகத்தில் ஒரு தேதி, வசூலிக்க வருபவரின் டேப்லெட்டில் வேறு தேதி இருந்தால் கிரெடிட் ரிப்போர்ட்டில் தாமதமாக நிற்கலாம். அன்றே வரும் எஸ்எம்எஸ்ஸில் தொகையும் தேதியும் பார்த்து, ஓரத்தில் பேனாவால் குறித்துவிடுங்கள்.

மொத்தத்தில் நல்ல புத்தகம்தான். ஆனால் இதை மட்டும் நம்பிப் பணம் கட்டச் சொன்னால் நான் மாட்டேன். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும்.