குழந்தையின் முதல் ஷூ: 899 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த கதை

பாப்பாவுக்கு 13 மாதம். வீட்டுக்குள் வெறுங்காலோடு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நன்றாக ஓடுவாள். வெளியே வெயிலில் தரை சுடுகிறதே என்றுதான் பஜாரில் ஒரு பெரிய செருப்புக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் காலை அளக்கவில்லை. "ஒரு வயசுதானேம்மா, 5 நம்பர் சரியா இருக்கும்" என்று பெட்டியை எடுத்துவிட்டார். கணுக்கால் வரை ஏறும், தடித்த சோல் வைத்த ஷூ. "இதுதான் காலுக்கு பிடிமானம், நடை சீக்கிரம் வரும்" என்றார். மாட்டிவிட்டு முனையைக் கட்டைவிரலால் அழுத்தி, "பாருங்க, எவ்வளவு இடம்!" என்றார். நானும் நம்பினேன். இந்த வயதில் காலை உள்ளே தள்ளும்போது குழந்தைகள் விரலை மடக்கிக்கொள்வார்கள் என்பதும், அந்தக் காலி இடம் அதனால் வந்தது என்பதும் பிறகுதான் புரிந்தது.

ஷூ போட்டால் பாதத்தை மடக்காமல், பலகை கட்டியதுபோல் தூக்கித் தூக்கி வைத்தாள். இரண்டடிக்கு ஒருமுறை விழுந்தாள். அழவில்லை, அதனால் எனக்கும் உறைக்கவில்லை. அந்தக் கால் எலும்பு இன்னும் பெரும்பகுதி குருத்தெலும்புதான். நெருக்கினால் வலிக்கும் முன்பே வளைந்து கொடுத்துவிடும். பத்தாம் நாள் கழற்றும்போது சுண்டுவிரல் ஓரம் சிவந்து, சாக்ஸின் தையல் அச்சாகப் பதிந்திருந்தது.

அப்புறம்தான் அளந்தேன். தாளின் மேல் அவளை நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு காலையும் வரைந்தேன். உட்கார்ந்திருக்கும்போது வரைந்தால் அளவு குறையும். வலது 12.3 செ.மீ., இடது 12.1. ஷூவுக்குள் இருந்த இன்சோலை உருவி ஸ்கேல் வைத்தால் 12.6! பெரிய காலைவிடக் குறைந்தது 1 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டிய இடத்தில் 3 மி.மீ.தான். இன்சோலைத் தாளின் மேல் வைத்தேன். சுண்டுவிரல் வெளியே நின்றது. அதாவது நீளம் மட்டுமல்ல, முன்பக்க அகலமும் போதவில்லை. நம்பரைத் திட்டிப் பயனில்லை, ஒரு கம்பெனி 5 இன்னொரு கம்பெனியில் 4 ஆக இருக்கிறது.

திருப்பிக் கொண்டுபோனேன். "சோல் தேஞ்சிருக்கு, மாத்த முடியாதும்மா." சரி, 899 போச்சு.

அடுத்த கடைக்கு அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போனேன். முதலில் இன்சோலை உருவி, அதன்மேல் அவளை நிற்கவைத்தேன். பெருவிரலுக்கு முன்னால் என் சுண்டுவிரல் அகலம் இடம், ஓரத்தில் எந்த விரலும் வெளியே இல்லை. அடுத்து ஷூவை ஒரு கையால் மடக்கினேன். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நட்டநடுவில் மடங்கினாலும் வேண்டாம். கீ கீ என்று கத்தும் ஷூ ஒன்றைக் காட்டினார்கள், பாப்பாவுக்கு அதில்தான் ஆசை. சோல் மடங்கவே இல்லை, வைத்துவிட்டேன். கடைசியில் வாங்கியது 350 ரூபாய் துணி ஷூ, வெல்க்ரோ பட்டை, இன்சோல் 13.4.

தாளில் தேதி போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி வரைய வேண்டும்.