2,950 ரூபாய் விளம்பரம், 13 தொட்டி: பதினான்கு மாதக் கணக்கு

மதுரையில் நானும் மச்சானும் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறோம். மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டி, தரைக்கடியில் இருக்கும் சம்ப், இரண்டும்தான். ஒரு வண்டி, ஒரு மோட்டார், நாலு பிரஷ், ஒரு வாக்குவம். வாய்வழியாக ஒரு நாளைக்கு ஒரு வேலை வந்துகொண்டிருந்தது. எங்களால் மூன்று செய்ய முடியும். மீதி நேரம் டீக்கடையில். அதனால்தான் போன வருஷம் மாசி மாதம் முதன்முதலாகப் பேஸ்புக்கில் காசு கொடுத்து விளம்பரம் போட்டேன். இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. சேவை சார்ந்த சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு என் கணக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

உண்மையில் அது இரண்டாவது முயற்சி. முதலாவதைச் சொல்ல வெட்கம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு தொட்டிக்கடியில் முழங்கை அளவு சேறு கிடந்ததை வீடியோ எடுத்துப் போட்டிருந்தேன். கீழே Boost post என்று ஒரு பொத்தான் தெரிந்தது. 500 ரூபாய் கட்டி அமுக்கிவிட்டேன். இருநூற்றுச் சொச்சம் லைக். "சூப்பர் ப்ரோ" என்று கமெண்ட். சிவகங்கைப் பக்கத்து காலேஜ் பையன்கள்தான் நிறைய. வேலை ஒன்றுகூட வரவில்லை. தப்பு என்னுடையதுதான். நோக்கம் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே விட்டுவிட்டேன், லைக்கும் கமெண்டும் வாங்கித் தரச் சொல்லி அது இருந்திருக்கிறது. எதைக் கேட்கிறோமோ அதைச் செய்யும் பழக்கமுள்ள ஆட்களைத் தேடித்தான் அது விளம்பரத்தைக் காட்டும். லைக் போடுகிறவன் வேறு, தொட்டி கழுவ ஆள் தேடுகிற வீட்டுக்காரம்மா வேறு.

இரண்டாம் தடவை போனைக் கீழே வைத்துவிட்டு, பழைய பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் சராசரி பில் 1,200 ரூபாய். இரண்டு பேர் கூலி 550, பெட்ரோல், பிளீச்சிங் பவுடர், பிரஷ் தேய்மானம் எல்லாம் சேர்த்து 150. கையில் நிற்பது 500. மோட்டார் என்றைக்காவது புகையும், அதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் ஒரு வேலை பிடிக்க 200 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். விசாரிக்கிற நாலு பேரில் ஒருவர் வேலை கொடுப்பார் என்று வைத்துக்கொண்டால், ஒரு விசாரணைக்கு 50 ரூபாய் வரை தாங்கும்.

பட்ஜெட்டும் அதே நோட்டில்தான் வந்தது. பத்து நாளில் எங்களுக்குச் சும்மா இருக்கும் இடம் இருபது வேலை. முதல் தடவையே எல்லாவற்றையும் நிரப்பினால் ஒருநாள் தாமதமானாலும் பேர் கெட்டுவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று வேலை போதும். ஆளுக்கு 200 என்றால் 2,500 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 450. ஆக 2,950. இந்த வரியைப் பலர் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், கடைசியில் "நான் 2,500தானே போட்டேன்" என்பார்கள். எங்களைப் போல ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர்களுக்கு அது திரும்பி வராத காசு.

நோக்கத்துக்கு இந்த முறை பேஸ்புக்கில் விளம்பரங்களை அமைக்கும் பக்கமான Ads Manager வழியாகப் போனேன். அங்கே Engagement என்பதை எடுத்து, அதற்குள் லைக்கை விட்டுவிட்டு மெசேஜைத் தேர்ந்தெடுத்து, போய்ச் சேரும் இடமாக வாட்ஸ்அப்பைக் கொடுத்தேன். விளம்பரத்தைத் தொட்டால் நேரே எங்கள் வாட்ஸ்அப் பிசினஸ் எண்ணில் உரையாடல் திறக்கும். போன்கால் வைத்திருக்கலாமே என்று மச்சான் கேட்டான். தொட்டிக்குள் நிற்கும்போது கால் வந்தால் யார் எடுப்பது? மெசேஜ் என்றால் காத்திருக்கும் என்று நினைத்தேன். அதுவும் பாதிதான் உண்மை, பின்னால் சொல்கிறேன்.

அதிக நேரம் பிடித்தது யாருக்குக் காட்டுவது என்பதுதான். ஊர் பெயராக மதுரை என்று கொடுத்தால் சுற்றிலும் பெரிய வட்டம் விழுகிறது. மேலூர் வழியும் திருமங்கலம் வழியும் அதற்குள் வந்துவிடும். எங்கள் பில்லில் அவ்வளவு பெட்ரோலுக்கு இடமில்லை. நாங்கள் இருப்பது வைகைக்கு வடகரையில். திருநகரிலிருந்து ஒரு வேலை வந்தால் ஆற்றைத் தாண்டி, பெரியார், பழங்காநத்தம் எல்லாம் கடந்து போய்த் திரும்ப அரை நாள். அதனால் வரைபடத்தில் ஊசி குத்தும் வசதியை எடுத்து, கே.கே. நகர், ஐயர் பங்களா, ஆனையூர் என்று மூன்று இடத்தில் குத்தி, ஒவ்வொன்றையும் சுற்றி மூன்று கிலோமீட்டர் மட்டும் வைத்தேன். மூன்றும் சொந்த வீடுகள் நிறைந்த பகுதி. போர் தண்ணீர் உப்பு, தொட்டிச் சுவரில் வெள்ளையாகப் படை கட்டும். வாடகை வீட்டுக்காரர் தொட்டியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, வீட்டு ஓனர்தான் படுவார்.

வயது 30 முதல் 60. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. Advantage+ audience என்ற பெயரில் முதலில் திறக்கும் பக்கத்தில் நாம் கொடுக்கும் வயது ஒரு யோசனை மாதிரிதான், அதைத் தாண்டியும் காட்டலாம். கறாராக இருக்க வேண்டுமென்றால் பழைய முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றினேன். மொழி இடத்தில் தமிழ் என்று கொடுக்கக் கை போனது. நல்லவேளை, பக்கத்துக் கடை அண்ணன் தடுத்தார். "ஏப்பா, ஒன் போன்ல மெனு எந்த மொழில இருக்கு?" என்றார். இங்கிலீஷ்தான். அந்தத் தேர்வு பார்ப்பது போன், ஆப் அமைப்பின் மொழியை. தமிழ் என்று கொடுத்திருந்தால் தமிழே பேசும் பாதி மதுரை வெளியே போயிருக்கும். காலியாக விட்டேன்.

2,500 ரூபாயைத் தினசரிக் கணக்காக வைக்காமல் பத்து நாளுக்கான மொத்தமாக வைத்தேன். அப்படி வைத்தால்தான் எந்த மணிக்குக் காட்ட வேண்டும் என்று சொல்ல முடியும். காலை 7 முதல் இரவு 8 வரை போதும். விளம்பரத்தைப் பிரிக்கவும் இல்லை. வாரத்துக்கு ஏறக்குறைய ஐம்பது பலன் கிடைத்தால்தான் யாரிடம் காட்டுவது என்று அந்த அமைப்பு நிலைக்கு வரும். இந்தக் காசை ஐந்து கூறாக்கினால் ஒன்றும் தேறாது. ஒரே தொகுப்பு, அதில் இரண்டு வீடியோ. எழுத்தில் முதல் வரியே "1,000 லிட்டர் மாடித் தொட்டி 600 ரூபாய் முதல், கே.கே. நகர், ஐயர் பங்களா, ஆனையூர் சுற்றுவட்டாரம் மட்டும்".

முதல் மூன்று நாள் வயிற்றைக் கலக்கியது. ஒரு உரையாடலுக்கு 70 ரூபாய், 65 ரூபாய் என்று காட்டியது. மாற்றலாமா என்று கை துறுதுறுத்தது. தொடவில்லை. அப்புறம் தானே இறங்கி, பத்து நாள் முடிவில் 58 உரையாடல், சராசரி 43 ரூபாய். வரி சேர்த்தால் 51.

ஆனால் அந்த 58 என்பது திரையில் தெரியும் எண். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவர் மீதும் லேபிள் ஒட்டிப் பார்த்தபோது வேறு கதை. 19 பேர் விளம்பரத்தில் தயாராக இருந்த வாக்கியத்தை அனுப்பிவிட்டு அப்புறம் பதிலே இல்லை. 9 பேர் எங்கள் வட்டத்துக்கு வெளியே. நிஜமாக விசாரித்தவர்கள் 30. வேலையானது 13. அதாவது ஒரு வேலைக்கு 227 ரூபாய். நான் போட்ட 200 கோட்டைத் தாண்டிவிட்டது.

தாண்டியதற்கு ஒரு காரணம் எனக்கே தெரியும். நாலாவது நாள் ஆனையூரில் ஒரு சம்புக்குள் இறங்கியிருந்தேன். போன் மேலே வாளிக்குள். ஏறி வந்து கையைத் துடைத்துப் பார்த்தால், ஒரு அம்மா பத்தரைக்குக் கேட்டிருக்கிறார்: "தம்பி, 2000 லிட்டர் சம்பு, இன்னைக்கு வர முடியுமா?" நான் பதில் போட்டது பன்னிரண்டே முக்காலுக்கு. "வேற ஆள் வந்துட்டாங்க தம்பி" என்று வந்தது. இப்படி மூன்று போயின. அன்று ராத்திரியே அந்த வாட்ஸ்அப்பை அக்காவின் போனிலும் இணைத்தோம். எந்தப் பகுதி, எத்தனை லிட்டர், எத்தனையாவது மாடி என்று மூன்று கேள்வியை அவர் உடனே அனுப்பிவிடுவார். மூன்றுக்கும் பதில் சொல்கிறவர் அநேகமாக வேலை கொடுத்துவிடுகிறார்.

சித்திரையில் போட்ட இரண்டாவது விளம்பரம் நஷ்டம். அதே 2,950 ரூபாய், அதே மூன்று வட்டம். 71 உரையாடல் வந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். விருதுநகர், அருப்புக்கோட்டை, தேனி என்று எங்கிருந்தெல்லாமோ கேட்கிறார்கள். யோசித்தால் புரிந்தது. இடத்தைக் குறித்தால் அங்கே குடியிருப்பவர்களோடு அண்மையில் அங்கே வந்திருந்தவர்களும் சேர்ந்துதான் வருவார்கள். எதிர்சேவைக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் வெளியூர்ச் சனம் முழுக்க எங்கள் வடகரையில்தான் நிற்கும்! உள்ளூர்க்காரர்களும் விருந்தாளி நிறைந்த வீட்டில் தொட்டியைத் திறக்க விட மாட்டார்கள். எட்டே வேலை, ஆளுக்கு 369 ரூபாய்.

முதல் விளம்பரத்தின் முழுக் கணக்கு ஆவணியில்தான் தெரிந்தது. ஆறு மாதம் ஆனவர்களுக்கு அக்கா ஒரு மெசேஜ் அனுப்பினார்: "அண்ணே, தொட்டி கழுவி ஆறு மாசம் ஆச்சு, வரச் சொல்லவா?" பதின்மூன்று பேரில் ஆறு பேர் மறுபடி கூப்பிட்டார்கள். அதற்கு விளம்பரக் காசு இல்லை. 2,950 ரூபாயை 19 வேலைக்குப் பிரித்தால் 155. அதனால் இப்போது ஒரு புது ஆளுக்கு 250 வரை போகலாம் என்று கோட்டை மாற்றியிருக்கிறேன்.

இடையில் ஓர் ஏஜென்சிக்காரர் வந்து "ஐயாயிரம் கொடுங்க, நூறு லீடு தர்றேன்" என்றார். எத்தனை கிலோமீட்டருக்குள் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அத்தோடு சரி.

இப்போது வருஷத்துக்கு மூன்று தடவை, பத்துப் பத்து நாள் மட்டும் போடுகிறேன். இந்த வருஷம் திருவிழா முடிந்து பத்து நாள் கழித்துத்தான் அடுத்தது. கோமதிபுரம் பக்கம் நாலாவது ஊசி ஒன்று குத்தலாம் என்கிறான் மச்சான். அதற்கு முன்னால் இன்னொரு வாக்குவம் வாங்க வேண்டும், இருப்பது இப்போதே இருமுகிறது.